ஒரு டம்ளர் ரசத்தில் எத்தனை கலோரி? கேன்டீன் சுவரில் ஒட்டிய அட்டையைப் பற்றி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீன். பெயர் வேண்டாம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் இருக்கணும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொல்லியிருந்தது. அதனால் அந்தப் பக்கம் அண்டா வைத்துச் சமைக்கும் கேன்டீன்களுக்குக் குறைவில்லை. இந்தக் கேன்டீன் சுவரில் கலோரி அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி: ‘ரசம் – 1 கப் – 60 கலோரி’. அட்டையிலேயே குறைந்த எண் அதுதான்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். பி.பி. இருக்கு, எடையும் குறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கார்: மதியம் சோறைப் பாதியாக்கி, பசிக்கு மூணு டம்ளர் ரசம். “தண்ணிதானே தம்பி, அதுல என்ன இருக்கப்போவுது?” என்றார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் 60 என்ற எண்ணைப் பார்ப்போம். உணவுச் சத்துக்கு நம்மூரில் பெரும்பாலும் கைகாட்டப்படுவது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைகள். 2017இல் வந்த பதிப்பில் 528 உணவுகள் இருக்கின்றன. எல்லாம் அரிசி, பருப்பு, காய், மீன் மாதிரியான மூலப்பொருள்கள். அட்டவணையில் துவரம்பருப்பு இருக்கும், ரசம் இருக்காது. அப்போ ரசத்தின் எண்ணை யாரோ கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும். போடும்போது எவ்வளவு தண்ணி விட்டு விளாவினார்கள் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். அட்டையில் அந்த விவரம் வராது.

நானே வீட்டு அளவில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் 1.2 லிட்டர் ரசம், அதாவது 150 மில்லி டம்ளரில் எட்டு. தக்காளி 200 கிராம், சுமார் 40 கலோரி. நெல்லிக்காய் அளவு புளி 15 கிராம். சக்கையைப் பிழிந்து போட்டுவிடுவதால் 30 என்று வைத்துக்கொள்ளலாம். மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் சேர்த்து 20. வேகவைத்து மசித்த துவரம்பருப்பு, பச்சையாக 20 கிராம், 67. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், 45. மொத்தம் 202. எட்டால் வகுத்தால் டம்ளருக்கு 25. (அட்டையில் ‘கலோரி’ என்பது கிலோ கலோரிதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

இன்னொரு டம்ளர் தண்ணி விட்டால் மொத்தம் அதே 202தான். டம்ளருக்கு வருவதுதான் குறையும். அதாவது ரசத்தின் கலோரி என்பது பாதிக்கு மேல் சமையல்காரர் ஊற்றும் தண்ணியைப் பற்றிய செய்தி.

சரி, அட்டை பொய் சொல்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ரசம் ஒரே சீரான திரவம் இல்லை. எண்ணெய் மேலே மிதக்கும், பருப்பு அடியில் மண்டியாகத் தங்கும், நடுவில் தெளிவு. நம்ம 20 கிராம் பருப்பில் முக்கால்வாசி கடைசி இரண்டு டம்ளரில் போய்ச் சேர்ந்தது என்றும், எண்ணெய் முழுக்க முதல் இரண்டு டம்ளரில் வந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் ஆளுக்கு 36. கடைசி இரண்டும் 36. நடுவில் இருக்கும் நாலு டம்ளரும் வெறும் 14. ஒரே பாத்திரத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். இதையே 250 மில்லி கப்பில், பருப்பு கொஞ்சம் தாராளமாகப் போட்டு, அடிமண்டியைக் கலக்கி ஊற்றினால் 60 சாதாரணமாக வந்துவிடும். எண்ணில் தப்பில்லை. எந்தக் கப், எந்தக் கரண்டி என்று சொல்லாததுதான் தப்பு.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. நன்றாகக் கலக்கி 100 கிராம் ரசத்தை எடுத்து, கருகாமல் மெல்லிய சூட்டில் வற்றவைத்து, மிச்சத்தை எடை போடுங்கள். மேலே சொன்ன அளவில் செய்த ரசமாக இருந்தால் நாலு, நாலரை கிராம் நிற்கும். தண்ணிக்குக் கலோரி கிடையாது, ஆகவே இருப்பதெல்லாம் இந்த நாலரை கிராமுக்குள்தான் இருக்க வேண்டும். மாவுச்சத்து, புரதம் என்றால் கிராமுக்கு 4, எண்ணெய் என்றால் 9. அதற்கு மேல் எந்த வித்தையும் நடக்காது.

ஆனால் இங்கேதான் ஒரு கோட்டை விடுவோம். அந்த மிச்சத்தில் உப்பும் இருக்கிறது. 1.2 லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்டிருந்தால், நூறு கிராமில் நின்றதில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. அதற்குக் கலோரி சுழியம். குளிர்பானத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு ரசம் விட்டால் போதுமே என்றார். போதாது. அந்தக் கருவி உப்பையும் சர்க்கரை மாதிரியே காட்டும். ஒரு சதவீத உப்புத் தண்ணி அதில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே சர்க்கரைத் தண்ணியாகத் தெரியும்.

இந்த உப்புதான் அண்ணன் கதையில் முக்கியம். டம்ளருக்கு ஒன்றேகால் கிராம். மூணு டம்ளருக்கு மூணே முக்கால் கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. இருப்பவர் மதியச் சாப்பாட்டில், சாம்பார், பொரியல், ஊறுகாய் எதையும் கணக்கில் சேர்க்காமல், ரசத்திலேயே முக்கால்வாசியை முடித்துவிடுகிறார். அட்டையில் உப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை. இருக்கிற ஒரே கட்டத்தில், இருப்பதிலேயே சின்ன எண் ரசத்துக்கு. அதைப் பார்த்து அவர் எடுத்த முடிவில் அவர் தப்பு என்ன?

எடை விஷயத்திலும் ரசத்தின் வரி ஒன்றும் சொல்லவில்லை. வெந்த சோறு நூறு கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. 25 கலோரி என்பது 20 கிராம் சோறு, கரண்டி முனையில் நிற்பது. கேன்டீனில் சோறு போடுகிறவர் கை கொஞ்சம் தாராளமானால் ரசக் கணக்கு முழுக்க அதில் காணாமல் போய்விடும். அண்ணனுக்கு எடையில் ஏதாவது பலன் கிடைத்திருந்தால் அது பாதிச் சோற்றால் வந்தது.

ரசம் வயிற்றை நிரப்பி அடுத்துச் சாப்பிடுவதைக் குறைக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ் குழு 1999இல் இதைச் சோதித்தது. ஒரே பொருள்களை ஒரு முறை கெட்டியான உணவாக, ஒரு முறை அதே உணவும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணியுமாக, ஒரு முறை அந்தத் தண்ணியையும் சேர்த்துச் செய்த சூப்பாகக் கொடுத்தார்கள். சூப் குடித்தவர்கள்தான் அடுத்த சாப்பாட்டில் குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆனால் அது சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்த சூப். சாப்பிட்டவர்கள் ஒல்லியான பெண்கள். நம்ம பந்தியில் ரசம் வரும்போது சாம்பார் சாதம் உள்ளே போயிருக்கும்.

கேன்டீன் மாஸ்டரிடம் உப்பைப் பற்றிக் கேட்டேன். “சோத்துல உப்பு கெடையாது சார். அதுக்கும் சேர்த்து ரசத்துல போட்டாத்தான் பிசைஞ்சா சரியா இருக்கும்” என்றார். சோற்றோடு பிசையப் போட்ட உப்பை அண்ணன் சோறில்லாமல் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார். உலைப் பக்கம் வேர்த்துக் கொட்டுகிறவருக்கு உப்பு எவ்வளவு தேவை என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. அட்டையும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அவரிடம் போய்க் கேட்கச் சொன்னேன். போய்வந்தார். இப்போது ஒரு கரண்டி ரசம், சோற்றில் மட்டும். டம்ளரில் தண்ணி. அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது.