மூட்டத்தை நம்பலாமா? ஒகேனக்கலில் ஒரு கணக்கு

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் வானத்தைப் பார்த்துத்தான் குடை, தொப்பி விஷயத்தை முடிவு செய்கிறார்கள். தென்மேற்குப் பருவக் காலம். வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும். காவிரிக் காற்றும் சேர்ந்துகொள்ளும். வெயில் உறைக்கவில்லை என்றால் தலையில் துணிகூட இல்லாமல் மணிக்கணக்கில் ஆற்றங்கரையில் நிற்பார்கள். அதே நேரத்தில் கைப்பேசியின் வானிலைப் பக்கம் "UV Index 9, Very High" என்று காட்டும். இரண்டில் எதை நம்புவது? உடம்பையா, எண்ணையா?

உடம்பு ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் சுடுகிறது என்று நமக்குத் தெரிவிப்பவை பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். மேகத்தில் இருக்கும் நீர் அகச்சிவப்பில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகிறது. புற ஊதாக் கதிரை அது அநேகமாக உறிஞ்சுவதே இல்லை; நாலாபக்கமும் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மேகம் வந்ததும் சூடு குறைகிற அளவுக்குப் புற ஊதா குறைவதில்லை. தோலைப் பாதிக்கும் இந்தக் கதிரை உணரும் புலன் நமக்குக் கிடையாது. மெல்லிய மேகமாக இருந்தால் பத்தில் ஒன்பது பங்கு கீழே வந்து சேரும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி.

மேகமே இல்லாத நாளிலும், புற ஊதா பி கதிரில் ஏறக்குறைய பாதி சூரியனிலிருந்து நேராக வருவதில்லை. காற்றில் சிதறி, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. மரநிழலில் நின்றாலும் பக்கவாட்டில் திறந்த வானம் தெரிந்தால் அந்தப் பங்கு நம்மேல் விழும். விட்டுவிட்டு மேகம் இருக்கும்போது நிலைமை இன்னும் விசித்திரம். இடைவெளியில் சூரியன் நேராக அடிக்க, பக்கத்து மேகத்தின் வெள்ளை ஓரம் கூடுதலாகக் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். சில நிமிடங்களுக்குத் தெளிந்த வானத்தைவிடவும் புற ஊதாக் குறியீடு ஏறிவிடும்.

தருமபுரிக்கான கணக்கைப் பார்க்கலாம். மாவட்டம் சுமார் 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அதிகம் விலகுவதில்லை. மூட்டம் அதிகமுள்ள பருவக் காலமும் சூரியன் தலைக்கு மேல் நிற்கும் காலமும் இங்கே ஒன்றாக அமைந்துவிடுகின்றன. மக்களின் அனுபவ அறிவு சறுக்கும் இடம் இதுதான். ஆடி பதினெட்டு அன்று ஒகேனக்கலில் உண்மையான உச்சிவேளை ஏறத்தாழ 12.25 மணி. அப்போது வானம் தெளிவாக இருந்தால் குறியீடு கணக்குப்படி 12-ஐ ஒட்டி வரும். தூசியும் புகையும் இருந்தால் ஒன்றிரண்டு குறையலாம்.

இதில் மேகத்துக்கு எவ்வளவு கழிப்பது? அமெரிக்க வானிலைத் துறையின் முன்கணிப்பு, சிதறிய மேகத்தில் 89 சதவீதமும், இடைவெளிவிட்டு மூடிய வானத்தில் 73 சதவீதமும், முழு மூட்டத்தில் 31 சதவீதமும் கீழே வருவதாக வைத்துக்கொள்கிறது. 12-ஐ வைத்துப் பெருக்கினால் முறையே 11, 9, 4 என்று வருகிறது. அதே நாள் மாலை 4 மணிக்கு மேகமே இல்லாமல் வெயில் கண்ணைக் கூச வைத்தாலும் குறியீடு 4-ஐத் தாண்டாது. மூடிய வானத்து நடுப்பகலும் தெளிந்த வானத்து மாலை நான்கு மணியும் சமம் என்று இதற்குப் பொருள். மேகம் விட்டுவிட்டு இருந்தாலோ, நடுப்பகல் அந்த மாலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மேகத்தைவிடக் கடிகாரம்தான் முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

அப்படியானால் எண்ணை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. கைப்பேசி காட்டுவது பெரும்பாலும் அளந்த எண் அல்ல, கணித்த எண். அதில் சூரியனின் உயரமும் ஓசோன் அளவும் உறுதியானவை. மேகம்தான் பலவீனமான பகுதி. பென்னாகரத்தில் மழை கொட்டும்போது பாலக்கோட்டில் வெயில் அடிக்கும் மாவட்டத்துக்கு ஒரே மேகக் கணிப்பு பொருந்தாது. சில செயலிகள் மேகத்தைக் கழித்த எண்ணைத் தருகின்றன, சில தெளிந்த வானத்துக்கான எண்ணையே தருகின்றன. சில, அன்றைய உச்ச எண்ணைக் காலை எட்டு மணிக்கே காட்டிப் பயமுறுத்துகின்றன. அண்டை மாநிலமான கேரளத்தில் பேரிடர் மேலாண்மை ஆணையம் பல ஊர்களில் கருவி வைத்து அளந்து, 2025 முதல் தினசரி எண்ணை நிற எச்சரிக்கையுடன் வெளியிடுகிறது. மேகம் இருந்தாலும் குறியீடு உயரலாம் என்பதை அந்த அறிவிப்பே சொல்கிறது. நம் கையில் இருப்பது கணிப்பு என்பதால், தெளிந்த வானத்துக்கான எண்ணை ஏறத்தாழ உச்சவரம்பாக எடுத்துக்கொள்வதே சரி.

இன்னொரு குறையும் உண்டு. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. கனடாவில் 1992-ல் தொடங்கிய இந்த அளவுகோல், சீக்கிரம் சிவந்துவிடும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து வளர்ந்தது. தருமபுரியில் வெயில் நாளில் காலை ஒன்பது மணிக்கே 3 தாண்டிவிடும். மார்கழியிலும் நண்பகலில் 8-ஐத் தொடக்கூடும். ஆண்டு முழுவதும் எரிகிற எச்சரிக்கை விளக்கை யாரும் பார்ப்பதில்லை. தக்காளி பறிப்பவருக்கும் பரிசல் ஓட்டுபவருக்கும் நாள் முழுவதும் ஒதுங்கியிரு என்பது அறிவுரையே அல்ல. மாநிறத் தோல் சிவக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் தோலின் நிறம் கண்ணைக் காக்காது. கண்புரைக்கும், வெண்விழியில் சதை வளர்வதற்கும் புற ஊதா ஒரு காரணம். மங்கு கருப்பதும் மாநிறத் தோலில்தான் அதிகம். அதனால் அளவுகோலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, படியை மாற்றிப் படித்தால் போதும்.

என் தீர்ப்பு இது. இந்த மாவட்டத்தில் 3 முதல் 7 வரை விளிம்புள்ள தொப்பியோ முண்டாசோ, முடிந்தால் கண்ணாடியும் போதும். 8-ஐத் தொட்டால் நேரத்தை மாற்றுங்கள்: திறந்த வெளி வேலையையும் குளியலையும் காலை பத்துக்கு முன்னோ மாலை மூன்றரைக்குப் பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற முடியாதவர்கள் நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணி போடட்டும். ஆற்றில் நனைந்த மெல்லிய வெள்ளைப் பருத்தி புற ஊதாவைக் கூடுதலாக உள்ளே விடும் என்பதால் அது கணக்கில் சேராது. களிம்பு பூசுபவர்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்து எழுந்த பிறகும் பூச வேண்டும். கொஞ்சமாகத் தடவினால் டப்பாவில் எழுதிய பாதுகாப்பு கிடைக்காது.

கைப்பேசி இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது எச்சரிக்கை நேரம். மேகம் இருந்தும் நிழல் மங்கலாகவாவது தெரிந்தால், மேகத்துக்காக எதையும் கழிக்காதீர்கள். நிழலே விழாமல் வானம் இருண்டு கிடந்தால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் ஆடி நண்பகலில் அது 3-க்குக் கீழே போய்விடும் என்று எண்ண வேண்டாம்.