நிமிஷக் கணக்கும் வலைவழிப் பேச்சும்

காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கும் என் சின்னம்மாவின் வீட்டுக் கூடத்து மேஜையில் எப்போதும் இரண்டு போன்கள் இருக்கும்; ஒன்று விசைகள் தேய்ந்துபோன பழைய பட்டன் போன், மற்றொன்று பேரன் பிறந்தபோது மகள் வாங்கி அனுப்பிய டச் போன். மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், மகள் டொரொண்டோவில் இருக்கிறாள். இருவரும் கூப்பிடும்போது எந்த போன் அடிக்கிறது என்பதிலேயே, வெளிநாட்டு அழைப்புத் தொகுப்பா, இணையவழி அழைப்புச் செயலியா என்று இன்று பலரும் விவாதிக்கும் விஷயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது.

தொகுப்பு என்பது, வழக்கமான ஐ.எஸ்.டி. கட்டணத்துக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில தேசங்களுக்கு மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள், மலிவான விலையில் இத்தனை நிமிஷம் பேசிக்கொள்ளலாம் என்று முன்பணம் கட்டி வாங்கும் ஏற்பாடு. செயலியோ நிமிஷத்தை எண்ணுவதில்லை. இரு பக்கத்திலும் இணையம் இருந்தால் போதும் என்கிறது. செலவை மட்டும் பார்த்தால் செயலியின் பக்கம் தராசு சாய்வதில் ஐயமில்லை. குரல் மட்டும் போகும் அழைப்புக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய அரை எம்.பி. டேட்டா செலவாகும் என்று கொண்டால், வாரத்துக்கு நான்கு முறை இருபது நிமிஷம் பேசினாலும் மாதத்துக்கு இருநூறு எம்.பி.யைத் தாண்டாது, தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ரீசார்ஜில் அது ஒரு மூலைக்கும் காணாது. ஆகவேதான் தொகுப்பு செத்துவிட்டதென்று பலர் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு ஷார்ஜாவில் செல்லாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், ஆனால் அழைப்பு மட்டும் போகாது. அனுமதி பெறாத இணையப் பேச்சுச் செயலிகளை அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிப்பதில்லை. அனுமதி பெற்ற போட்டிம் முதலிய செயலிகளை உபயோகிக்க, 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாதம் 50 திர்ஹம் விலையில் இணைய அழைப்புச் சந்தா ஒன்று அறிமுகமாயிற்று. ஆக, இலவசம் என்று நாம் எண்ணும் செயலி அந்த நாட்டில் இன்னொரு பெயர் சூடிய தொகுப்பாகிவிடுகிறது. நிமிஷத்தை எண்ணாத தொகுப்பு என்பது மட்டுமே வித்தியாசம். இந்தத் தடையைச் சுற்றிப்போக வி.பி.என். போட்டுக்கொள்ளலாம் என்று அறைத் தோழர்கள் யோசனை சொல்வதுண்டு. வலை முகவரியை மறைத்துக் குற்றம் புரிவோருக்கு 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது என்பதை அறிந்தவர், அம்மாவிடம் சுகம் விசாரிப்பதற்காக அந்த ஆபத்தில் காலை வைப்பாரா?

என் தம்பி முறையான ஷார்ஜா மகனோடு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் கையிலிருந்த தொகுப்பு நூறு நிமிஷத்துக்கு 30 திர்ஹம் என்றால், நிமிஷம் 30 ஃபில்ஸ் ஆகிறது. சந்தாவின் 50 திர்ஹத்தை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 167 நிமிஷம். மாதத்தில் அதற்குக் குறைவாகப் பேசுபவனுக்குத் தொகுப்பு லாபம், அதிகமாகப் பேசுபவனுக்குச் சந்தா லாபம். வெள்ளிக்கிழமை தோறும் இருபத்தைந்து நிமிஷம் மட்டும் பேசி வந்த காலத்தில் அவனுக்கு நூறு நிமிஷமும் 30 திர்ஹமும் போதுமாயிருந்தன; சித்தப்பா காலமான பின், தினமும் இரவு எட்டு நிமிஷமாவது பேசுகிறான், அது மாதத்துக்கு 240 நிமிஷமாகி, 72 திர்ஹத்தைத் தொடுகிறது. ஆகவே இப்போது அவன் சந்தாவுக்கு மாறிவிட்டான். இந்த எண்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் மாறும் என்பதால் விலையை நம்பாமல் வகுத்தலை நம்ப வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான தொகுப்புகளில் ஒரு நிமிஷமும் பத்து விநாடியும் பேசினால் இரண்டு நிமிஷம் கழிந்துவிடும். "சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா" என்று தினம் நான்கு தடவை கூப்பிடும் பிள்ளைக்கு இந்த முழுநிமிஷக் கழிவு பாதித் தொகுப்பையே தின்றுவிடும். ஆற அமர ஒரே அழைப்பில் பேசுபவனுக்கு அது ஒரு பொருட்டேயல்ல.

இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்பது நியாயம்தான். வெளிநாட்டு அழைப்பு ஒன்று இந்தியாவில் வந்து இறங்கும்போது, இறக்கித் தரும் நம் ஊர் நிறுவனத்துக்கு நிமிஷத்துக்கு 35 முதல் 65 பைசா வரை கொடுக்கலாம் என்று டிராய் 2020 மே முதல் எல்லை வகுத்தது. 65 பைசா என்பது மூன்று ஃபில்ஸுக்கும் குறைவு. ஆகவே 30 ஃபில்ஸ் விலையில் இந்தியப் பக்கத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் அழைக்கும் தேசத்தின் நிறுவனங்கள் விதிக்கும் விலையும் இடைவழிச் செலவும்தான். எந்த தேசத்திலிருந்து கூப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே தொகுப்பு மலிவாகவோ கொள்ளையாகவோ ஆகிறது என்பதன் காரணம் இதுவே.

டொரொண்டோ மகளின் கதை வேறு. அங்கே தடையில்லை, வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறாள். அப்படியிருந்தும் சின்னம்மாவுக்குத் திருப்தியில்லை. "தம்பி, டச் போன்ல அவ மொகம் தெரியுது, ஆனா பேச்சு கெணத்துக்குள்ளேருந்து வர்றாப்ல துண்டு துண்டா வருது, பட்டன் போன்ல மொகம் தெரியல, ஆனா வாசல்ல நின்னு பேசுறாப்ல இருக்கு" என்பது அவர் அபிப்பிராயம். சாஸ்திரப்படி பார்த்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும். பழைய தொலைபேசி வழி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் கொண்டுபோவது. செயலிகள் அதைவிட அகலமான ஒலியைக் கொண்டுபோக வல்லவை. நல்ல இணையத்தில் மகளின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் சாதாரண அழைப்புக்குத் தொலைபேசி வலை ஓர் இடத்தை ஒதுக்கி வைத்துக் காக்கிறது. செயலியின் பேச்சோ சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து, பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கும் சினிமாவோடு ஒரே வழியில் முட்டிமோதி வருகிறது. மாலை ஏழு மணிக்குக் கிராமத்துக் கோபுரத்தில் நெரிசல் ஏறும்போது சில பொட்டலங்கள் தொலைந்துபோகின்றன, சில காலங்கடந்து வருகின்றன.

இவ்விரண்டையும் காதாலேயே பிரித்தறியலாம். சொற்கள் நறுக்கப்பட்டு இயந்திரத்தின் குரல்போல் கேட்டால் பொட்டலங்கள் தொலைகின்றன என்று பொருள். வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் அநேகமாகச் சரியாகிவிடும். சொல் தெளிவாக இருந்தும், கேள்விக்குப் பதில் தாமதித்து வந்து, இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்தினால் அது காலதாமதம். ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிவிநாடி வரை ஆனால் காது பொறுத்துக்கொள்ளும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதற்கு வெகுவாக மேலே போனால் பேச்சின் தாளம் கெட்டு, காது மந்தமான முதியவர்கள், பிள்ளைக்குத் தன்னோடு பேச விருப்பமில்லையோ என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். சின்னம்மா அப்படி நினைத்ததுண்டு.

செயலியின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது குரலைப் பற்றியதல்ல, மணி அடிப்பதைப் பற்றியது. பட்டன் போன் கூப்பிட்டால் அடிக்கும். டச் போனோ, பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று, சில நாள் தொடாத செயலியை உறங்க வைத்துவிடுகிறது. சென்ற மழைக்காலத்தில் மகள் மூன்று நாள் தொடர்ந்து கூப்பிட்டும் சின்னம்மாவுக்கு மணி கேட்கவில்லை. பதறிப்போய் அவள் என்னைக் கூப்பிட, நான் போய்ப் பார்த்தால், அவர் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். செயலியைத் திறந்தவுடன் மூன்று நாள் செய்திகளும் ஒன்றாக மளமளவென்று கொட்டின. கூப்பிடுபவர் இதைத் தம் பக்கத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்: திரையில் Ringing என்று வந்தால் அங்கே மணி அடிக்கிறது; Calling என்றே நின்றுவிட்டால் அழைப்பு அந்த போனைத் தொடவேயில்லை. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டேன், அதன்பின் தொந்தரவில்லை.

தொகுப்பு மட்டும் குற்றமற்றதா? மலிவுத் தொகுப்புகள் சிலவற்றில் அழைப்பு கள்ள வழியாக உள்ளே நுழைந்து, ஏதோ முன்பின் அறியாத உள்ளூர் எண்ணாக வந்து நிற்கும். மோசடி அழைப்புகளைப் பற்றித் தினமும் எச்சரிக்கை கேட்டுப் பயந்திருக்கும் முதியவர், தெரியாத எண்ணை எடுக்காமலே விட்டுவிடுகிறார். அம்மா எடுக்கவில்லையே என்று மகன் அங்கே தவிக்கிறான். திருப்பிக் கூப்பிடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. கனடாவின் +1 என்ற தேசக் குறியீடு ஜமைக்கா போன்ற சில கரீபியத் தீவுகளுக்கும் பொது. ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிட்ட +1 876 என்ற எண்ணை மகளுடையது என்று எண்ணித் திருப்பிக் கூப்பிட்டால், அமெரிக்க-கனடாத் தொகுப்பு அதற்குப் பொருந்தாமல் கையிருப்பு கரைந்துவிடும். எனவே சின்னம்மாவின் சிம்மில் ஐ.எஸ்.டி. வசதியை நான் திறக்கவேயில்லை; அவர் மிஸ்டு கால் கொடுப்பது எனக்கு, நான் செய்தி அனுப்புவது பிள்ளைகளுக்கு. இது ஒரு பழைய கால ஏற்பாடுதான், ஆனால் இதுவரை தவறியதில்லை.

பெறுபவருக்குச் செலவே இல்லை என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. ரீசார்ஜ் காலாவதியானால் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். டேட்டா தேவைப்படாத முதியவர்களுக்காக, குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் ஒன்றையாவது நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் பணித்தது. கடைக்காரர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படையான வேற்றுமை ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தொகுப்பில் சிரமம் முழுவதும் கூப்பிடுபவரைச் சார்ந்தது. பணமும் அவருடையது, கணக்கும் அவருடையது, மறுமுனையில் இருப்பவர் போனை எடுத்தால் போதும். செயலி இரு முனையிலும் சமமான கருவியையும் சமமான பழக்கத்தையும் வேண்டுகிறது. எழுபத்தாறு வயதுக் கிழவியும் முப்பத்தெட்டு வயதுப் பொறியாளனும் அதன் முன் ஒன்றே. இரு முனைகளுக்கும் பாலமாக, இணையத்திலிருந்து சாதாரண போனையே கூப்பிட்டுத் தந்த ஸ்கைப், 2003-இல் தோன்றி 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான்: அன்றாடப் பேச்சுக்குச் செயலியே மேல், தடையில்லாத தேசமானால் தயக்கமே வேண்டாம், தடையுள்ள தேசமானால் மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் செயலி மட்டுமே போதும் என்று இருப்பவர்கள், மழை பெய்து இணையம் படுத்த இரவில், Calling என்று நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கையில் சிறு தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறையாவது பட்டன் போனைக் கூப்பிட்டு, மணி அடிக்கிறதா, எந்த எண் தெரிகிறது என்று அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். அவர் பழகிய அந்தப் பழைய எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.