சௌல்தாரி நோட்டும் யாழ்ப்பாணக் கொப்பியும்

“உங்கட பக்கம் சிவப்பு வட்டமும் கையெழுத்தும்தானே மாஸ்டர். பின்னூட்டல் எண்டொரு சாமான் இருக்கோ?” யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

தென் அந்தமானில் சௌல்தாரியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் தமிழும் வங்காளமும் இந்தியும் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்கும் இடங்கள். எங்கள் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.யைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு இதழ்களில் ‘தமிழக ஆசிரியர்கள்’ என்று எழுதினால் அதில் நாங்கள் இல்லை. ‘அயலகத் தமிழர்’ என்றாலும் நாங்கள் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் கட்டுரை நோட்டு திருத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி அலகு நடத்துகிறோம். அதை எடுத்துக்காட்டி அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வதுதான் முறை.

முதலில் சொற்கள். நாம் மதிப்பெண் என்கிறோம், இலங்கையில் புள்ளி என்கிறார்கள். நமக்கு நோட்டு, அவர்களுக்குக் கொப்பி. நம் பணியிடைப் பயிற்சி அங்கே செயலமர்வு, நம் கருத்தாளர் அங்கே வளவாளர், நம் பின்னூட்டம் அங்கே பின்னூட்டல். ‘கணிப்பீடு’ வேறு, ‘மதிப்பீடு’ வேறு என்று அவர்கள் பிரித்துப் பேசுவது கேட்க அழகாக இருக்கும். எங்கள் பயிற்சிக்கு வரும் ஆசிரியை ஒருவர் இன்றும் கொப்பி என்றுதான் சொல்வார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலையகத்திலிருந்து வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டவர்களின் பேத்தி அவர். ஆகவே எங்கள் பயிற்சி அறையில் இரண்டு நாடும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன.

பயிற்சியின் முதல் அரை மணி நேரத்தில் நாங்கள் எதுவும் போதிப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிய ஒரு பத்தியை நகலெடுத்துக் கொடுத்து, வழக்கம்போலத் திருத்தச் சொல்கிறோம். பத்தி இதுதான்:

“எங்கள் தாத்தா சிப்பிகாட்டில் நெல் போட்டார். சுனாமி வந்த பிரகு கடல் தன்னீர் வயலுக்குள் வந்தது. அது திரும்பி போகவே இல்லை. தாத்தா இன்னும் அங்கே போய் நிற்பார். வயல் எங்கே என்று கை காட்டுவார். பஸ் வந்தாள் தான் வருவார்.”

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் ஏறிய கடல்நீர் நின்றுவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு இது பாடம் இல்லை, வீட்டுப் பேச்சு.

பத்து நிமிடத்தில் திரும்பி வரும் தாள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ‘பிரகு’, ‘தன்னீர்’, ‘வந்தாள்’ மூன்றிலும் சிவப்பு வட்டம். ‘திரும்பி’க்குப் பின் ஒரு ‘ப்’ செருகப்பட்டிருக்கும். கீழே “எழுத்துப்பிழை தவிர்க்கவும்”, பத்துக்கு நான்கு, கையெழுத்து, தேதி. பஸ்ஸைப் பெண்ணாக்கியதற்கு யாராவது ஓர் ஆச்சரியக்குறி போட்டிருப்பார். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு குறியும் எதைப் பற்றியது என்று எண்ணச் சொல்கிறோம். எழுத்தைப் பற்றிய குறிகள் நாலைந்து இருக்கும். தாத்தாவைப் பற்றி ஒன்றுகூட இருக்காது. அறை அப்போது கொஞ்சம் அமைதியாகும். அந்தப் பெரியவர் சொன்னது முழுப் பொய் இல்லை என்று எனக்கும் அப்போதுதான் உறைக்கும். இருந்தாலும் இதை எண்ணிப் பார்க்கச் சொல்வது நம் பயிற்சிதான்.

இரண்டாம் சுற்றில் விதிகள் குறைவு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். பிள்ளை சொல்ல வந்ததற்கு, வாசகராக ஒரு வரி பதில் எழுத வேண்டும். நன்றாக அமைந்த ஓர் இடத்தை வாக்கியத்தைச் சுட்டிக் காட்ட வேண்டும். சரிசெய்ய வேண்டியவை இரண்டுக்கு மேல் போகக்கூடாது, அதில் ஒன்று உள்ளடக்கத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ‘நன்று’, ‘மிக நன்று’ என்று மட்டும் எழுதினால் எதுவுமே எழுதாததற்குச் சமம். ‘நீ கெட்டிக்காரி’ என்று எழுதினால், அடுத்த கட்டுரையில் அவள் அந்தப் பட்டத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள்.

எந்தப் பிழையைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் விவாதம் சூடுபிடிக்கும். இந்தப் பத்தியில் நான்கு பிழைகள். அவற்றில் மூன்று ஒரே குடும்பம்: ர–ற, ன–ண, ல–ள. காதில் ஒன்றாகக் கேட்பதைக் கையில் வேறாக எழுத வேண்டிய இடங்கள். நான்காவது வல்லினம் மிகும் இடம், அது வேறு பாடம். இந்த முறை மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘திரும்பி போகவே’யை வேண்டுமென்றே விட்டுவிட வேண்டும். பல ஆசிரியர்களுக்கு இது கை நடுங்கும் வேலை. பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதா?

கடைசியில் எங்கள் குழு ஒப்புக்கொண்ட குறிப்பு இது: “தாத்தா இன்னும் அங்கே போய் நிற்பார் என்ற வரியில் நானும் கொஞ்சம் நின்றேன். ‘அது திரும்பிப் போகவே இல்லை’ என்று சின்ன வாக்கியமாக எழுதியது பொருத்தம். கை காட்டும்போது தாத்தா என்ன சொல்வார்? இரண்டு மூன்று வாக்கியம் சேர்த்து எழுது. ஓரத்தில் புள்ளி வைத்த வரிகளில் ர–ற, ன–ண, ல–ள பார்.” மதிப்பெண் இல்லை. பாராட்டும் வரியில் ‘ப்’ சேர்த்தே எழுதியிருக்கிறோம். கவனிக்கும் பிள்ளை கவனித்துக்கொள்ளும்.

ஓரத்தில் வெறும் புள்ளி வைப்பது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1983இல் ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பிழையைத் திருத்தாமல், அது இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் இட்டுக் கொடுத்தார். மாணவர்கள் பாதிக்கு மேற்பட்ட பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர்கள், விதி தெரிந்து கைதவறியவர்கள். எங்கள் பிள்ளை ‘தன்னீர்’ என்று எழுதுவது கைதவறி அல்ல. வீட்டில் பாதி நேரம் இந்தி, தெருவில் முழுக்க இந்தி. ‘ண’வை அவள் காதால் கேட்டதே குறைவு. புள்ளியைப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கும் சொல்லைத் தப்பாக மாற்றினால், அவளுக்கு விதி தெரியவில்லை என்று பொருள். அப்போது குறிப்பு எழுதிப் பயனில்லை. தண்ணீர், கண்ணீர், வெண்ணெய் என்று ஒரு சொற்பட்டியல் போட்டு வகுப்பில் கற்பிக்க வேண்டும்.

மதிப்பெண்ணை ஏன் நிறுத்திவைக்கிறோம் என்பதற்கு 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஆதாரம். சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நம் வகுப்பிலேயே பார்க்கலாம். பிள்ளையின் கண் நேராக எண்ணுக்குப் போகும், பக்கத்து நோட்டுக்குப் போகும், நோட்டு மூடப்படும்.

இனி இலங்கைப் பக்கம். மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டிகளை நான் புரட்டியிருக்கிறேன். 2007இல் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டத்துக்குப் பின் வந்தவற்றில் செயற்பாடுகளோடு கணிப்பீட்டுக்கான நியதிகளும் சேர்ந்தே வருகின்றன. எதைப் பார்த்துப் புள்ளியிடப் போகிறோம் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்ல இது வழி செய்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. நம் பிள்ளைகளுக்குப் பத்துக்கு நான்கு எங்கிருந்து வந்தது என்பது பல நேரம் தெய்வத்துக்கும் தெரியாது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று அங்கே பேசுவதும் இந்த வழியில்தான்.

ஆனால் அங்கே நான் உட்கார்ந்திருந்த செயலமர்வில் பேச்சு முழுக்க நியதிப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதைச் சுற்றியே ஓடியது. பிள்ளை எழுதிய ஒரு கொப்பியும் மேசைக்கு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்திருக்கலாம். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ‘கருத்துத் தொடர்ச்சி: மத்திமம்’ என்று பெட்டியில் எழுதினால் படிவம் நிறையும். தாத்தா வயலருகே நிற்கிறாரே, அவருக்கு யார் பதில் சொல்வது?

நம் பக்கமும் இந்த நோய் வந்து போனதுதான். 2009 முதல் 2017 வரை சி.பி.எஸ்.இ.யில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு இருந்தது. தமிழ்நாட்டிலும் 2012–13இல் வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு நாற்பது, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு அறுபது. பிள்ளையைப் பற்றி விவரித்து எழுத வேண்டிய இடத்தில் அச்சிட்ட வாக்கியங்களைப் பார்த்து எழுதினோம். ஒரே வாக்கியம் வகுப்பில் பாதிப் பேருக்குப் போயிற்று. நமக்கு அது வந்து போன காய்ச்சல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் ஊர்ப் பாசம் இப்படிச் சொல்ல வைக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

எங்கள் அலகு தடுக்கி விழும் இடம் நேரம். ஒரு நோட்டுக்கு ஏழு நிமிடம், வகுப்பில் முப்பத்தாறு பேர் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். எந்த ஆசிரியராலும் முடியாது. அதனால் வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒரு கட்டுரைக்குப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் முழுக் குறிப்பு எழுதுகிறோம். மற்றவர்களுக்கு ஓரப்புள்ளி மட்டும். மூன்றாவது கட்டுரைக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும். அடுத்த வகுப்பில் இருபது நிமிடம் திருத்தி எழுதுவதற்கு ஒதுக்க வேண்டும். அந்த நேரம் ஒதுக்காவிட்டால் குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீண். மதிப்பெண் இரண்டாம் வரைவுக்குத்தான்.

அப்போதுதான் பெற்றோர் வருவார்கள்: “சார், நோட்டுல பாதிப் பிழை அப்படியே விட்டிருக்கீங்க.” இதற்காக நோட்டின் உள்ளட்டையில் ஒரு தாள் ஒட்டுகிறோம். ஜூலையில் ர–ற, ன–ண, ல–ள. ஆகஸ்டில் வல்லினம் மிகும் இடங்கள். பார்க்காமல் விட்டதல்ல, முறை வைத்துப் பார்க்கிறோம் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும். இலங்கை வழிகாட்டியின் நியதிகளையும் அதே தாளில் இரண்டு வரியாகச் சேர்த்துக்கொண்டேன். நல்லது எங்கிருந்து வந்தால் என்ன?

பிள்ளை மனம் தளர்கிறதா என்று பார்க்க, பிழை குறைந்ததை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சிவப்பு வட்டத்துக்குப் பயந்த பிள்ளை வாக்கியத்தைச் சுருக்கும். தெரிந்த சொல்லை மட்டும் எழுதும். தாத்தாவை விட்டுவிட்டு ‘கடல் பெரியது, கடல் நீலமானது’ என்று எழுதும். பிழை இருக்காது, கட்டுரையும் இருக்காது. ஜூன் மாதக் கட்டுரையையும் அக்டோபர் மாதக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்து, சொந்த விஷயம் எத்தனை வரி வந்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரு கரைகளிலும் நோட்டைப் பார்வையிட வருபவர்கள் தேடுவது கையெழுத்தையும் தேதியையும் எண்ணையும்தான். தலைமை ஆசிரியர்களையும் அதிபர்களையும், கொப்பி பார்க்க வரும் ஆசிரிய ஆலோசகர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முதல் வரைவில் எத்தனை வட்டம் என்று பார்க்க வேண்டாம். இரண்டாம் வரைவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எழுதுவதற்கு அந்த ஆசிரியருக்குக் கால அட்டவணையில் இருபது நிமிடம் ஒதுக்கிக் கொடுங்கள்.