பத்து ரூபாயில் எத்தனை ரூபாய் வருமானம்?

வங்கி டெபாசிட்டில் ஏழு சதவீதம்தான், இதில் பத்துக்கு மேல் கிடைக்கும். இன்விட் எனப்படும் உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளையின் யூனிட்டுகளை ஓய்வூதியர்களிடம் விற்பவர்கள் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எண்களில் பொய் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் பணம் வந்து விழுவதும் உண்மை. ஆனால் அப்படி வரும் பத்து ரூபாய் முழுவதும் வருமானம்தானா என்ற கேள்வியை விற்பவரும் எழுப்புவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

செபி 2014இல் இன்விட், ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளையான ரீட் இரண்டுக்கும் விதிகளை வகுத்தது. இரண்டின் சட்டகமும் ஏறக்குறைய ஒன்றுதான். பங்கிடத்தக்க ரொக்கத்தில் 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பொதுமக்களிடம் பணம் திரட்டினால், சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வருவாய் ஈட்டுவதாக இருக்க வேண்டும். இதனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். உள்ளே இருக்கும் சொத்தோ வேறு வேறு குணம் கொண்டது. ரீட் வாங்குபவர் தோப்பையே வாங்குகிறார். இன்விட் வாங்குபவர், குறிப்பாகச் சுங்கச்சாலை இன்விட் வாங்குபவர், தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறார். குத்தகைக் காலம் முடிந்தால் மரத்தோடு மண்ணும் உரியவரிடம் போய்விடும்.

2017 மே மாதத்தில் யூனிட் 102 ரூபாய்க்கு வெளியான ஐஆர்பி இன்விட், இந்தியாவில் பட்டியலிடப்பட்ட முதல் இன்விட். தொடக்கத்தில் அதனிடம் ஆறு சுங்கச்சாலைகள் இருந்தன. ஓமலூர் - சேலம் - நாமக்கல் சாலை அவற்றில் ஒன்று. சூரத் - தாஹிசர், பரூச் - சூரத் என்ற இரண்டும் போக்குவரத்து மிகுந்த சாலைகள். இவ்விரண்டின் உரிமக் காலமும் முடிந்து 2022இல் அவை அரசு வசம் திரும்பிப் போயின. அவற்றை விற்ற பணம் என்று எதுவும் வரவில்லை. அன்றோடு அந்த வருவாய் நின்றது, அவ்வளவுதான். தொடக்க ஆண்டுகளில் யூனிட்டுக்கு 10 ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்த அறக்கட்டளை, பிறகு 8 ரூபாய் அளவுக்கு இறங்கியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு யூனிட் வாங்குகிறீர்கள். ஆண்டுக்கு 10 ரூபாய் வருகிறது. சாலை உரிமம் இன்னும் 15 ஆண்டு; அதன்பின் மீதம் ஒன்றுமில்லை. மொத்தம் 150 ரூபாய் கைக்கு வரும். இதன் உண்மையான ஆண்டு ஈட்டு விகிதம் சுமார் ஐந்தரை சதவீதம். அதாவது முதல் ஆண்டில் வரும் பத்தில் ஐந்தரை ரூபாய்தான் வருமானம். நாலரை ரூபாய் உங்கள் அசலே உங்களிடம் திரும்பி வருவது. ஏழு சதவீத டெபாசிட்டோ ஆண்டுக்கு ஏழு ரூபாய் கொடுத்துவிட்டு, கடைசியில் 100 ரூபாயையும் முழுதாகத் தருகிறது. சுங்கக் கட்டணம் விலைவாசியோடு சேர்ந்து ஏறும், வண்டிகளும் பெருகும் என்பதால் நிஜத்தில் விகிதம் இதைவிடக் கூடலாம். உரிமக் காலம் 20 ஆண்டு என்றாலே அது ஏழே முக்கால் ஆகிவிடும். ஆக, இன்விட்டின் தரத்தைச் சொல்வது பங்கீட்டுச் சதவீதம் அல்ல, உரிமத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்பதுதான். விளம்பரத்தில் முதல் எண் பெரிதாக இருக்கும். இரண்டாவது எண் ஆண்டறிக்கையின் உள்ளே, சாலைவாரியான அட்டவணையில் கிடக்கும்.

வண்டிகள் பெருகும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்க வசூலையே நிறுத்தினார்கள். ஐஆர்பி யூனிட் 30 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. அதே அறக்கட்டளையின் பதான்கோட் - அமிர்தசரஸ் சாலையில் விவசாயிகள் போராட்டத்தால் 2020 அக்டோபர் முதல் ஓராண்டுக்கும் மேல் ஒரு ரூபாய்கூட வசூலிக்க முடியவில்லை. இப்படி இழந்த நாட்களுக்கு ஈடாக உரிமக் காலத்தை நீட்டித் தருவார்கள். ஆனால் நீட்டிப்பு கடைசியில்தான் வரும். மாதச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பவருக்கு 2020இன் நட்டத்தைப் பத்தாண்டு கழித்து ஈடுசெய்து என்ன பயன்?

மின்தொடரமைப்பு இன்விட்டுகள் இந்த வகையில் எவ்வளவோ மேல். 2021இல் 100 ரூபாய்க்கு வெளியான பவர்கிரிட் இன்விட்டை எடுத்துக்கொள்வோம். கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைப் பார்த்து அதற்குக் கட்டணம் தருவதில்லை. தடம் ஆண்டில் 98 சதவீத நேரம் தயார்நிலையில் இருந்தால் முழுக் கட்டணமும் உண்டு. ஒப்பந்தம் 35 ஆண்டு. அதனால்தான் அது காலாண்டுக்கு 3 ரூபாய் என்று ஒரே சீராக, ஆண்டுக்கு 12 ரூபாய் கொடுத்துவர முடிந்தது. ஆனால் அந்தச் சீர்மையே அதன் குறையும்கூட. கட்டணம் ஏறக்குறைய நிலையானது. விலைவாசி ஏறினால் 12 ரூபாய் 12 ரூபாயாகவே நிற்கும். அலுவலகக் கட்டட ரீட்டுகளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகை 15 சதவீதம் ஏறும்படி ஒப்பந்தம் இருப்பது வழக்கம். ரீட் தரும் தொடக்கப் பங்கீடு குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இதுதான். குடியிருக்கும் நிறுவனம் காலிசெய்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அங்கே உண்டு. ஆனால் காலியான கட்டடத்தை இன்னொருவருக்கு விடலாம். உரிமம் முடிந்த சாலையை அப்படி விட முடியாது.

நிலையான கட்டணத்துக்கு வட்டி விகிதமும் எதிரி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து ஆறரைக்கு உயர்த்தியது. 2022இல் 130 ரூபாய்க்கு மேல் போன பவர்கிரிட் யூனிட், பின்னர் வெளியீட்டு விலையான நூறுக்கும் கீழே இறங்கியது. பங்கீடு ஒரு பைசா குறையவில்லை. 130இல் வாங்கியவரின் அசல்தான் குறைந்தது.

குறையும் சொத்தை ஈடுகட்ட, பல இன்விட்டுகள் கடன் வாங்கிப் புதிய சொத்துகளைச் சேர்க்கின்றன. சொத்து மதிப்பில் 49 சதவீதம் வரை கடன் வாங்கலாம். உயர்ந்த கடன் தரச்சான்றும் தொடர்ந்து ஆறு முறை பங்கீடு கொடுத்த வரலாறும் இருந்தால், சில நிபந்தனைகளோடு 70 வரை போகலாம். நல்ல விலையில் வாங்கினால் இது சரியான வழிதான். விற்பவர் பெரும்பாலும் அறக்கட்டளையை நிறுவிய அதே குழுமம் என்பதுதான் இடறல். சுயேச்சை மதிப்பீடும் யூனிட்தாரர் வாக்கெடுப்பும் விதியில் இருக்கின்றன. ஆனால் வரும் இருபது ஆண்டு போக்குவரத்து பற்றிய ஒரு யூகத்தைச் சற்றே உயர்த்தினால் விலையும் சேர்ந்து உயர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கச் சிறு முதலீட்டாளரிடம் என்ன கருவி இருக்கிறது?

வரி விஷயத்தில் எனக்குத் தீராத ஓர் ஆதங்கம் உண்டு. வரும் பணம் வட்டி, ஈவுத்தொகை, கடன் திருப்பம் எனப் பிரித்துக் காட்டப்படுகிறது. கடன் திருப்பம் என்ற தலைப்பில் வருவது நீங்கள் வாங்கிய விலையைக் குறைக்கும். அப்போதைக்கு வரி இல்லை. வட்டி என்ற தலைப்பில் வருவதற்கோ உங்கள் வரி அடுக்கின்படி முழு வரி. ஆனால் தேய்ந்துகொண்டே வரும் சொத்து ஈட்டும் பணத்தில் ஒரு பகுதி, மேலே பார்த்ததுபோல, அசல்தான். அதற்கு வட்டி என்ற பெயர் வாய்த்துவிட்டால், சொந்த அசலுக்கே 30 சதவீதம் வரி கட்டுகிறோம். உயர் வரி அடுக்கில் இருப்பவருக்கு 12 ரூபாய், கையில் எட்டரைக்குக் கீழே வந்து நிற்பது இப்படித்தான்.

இன்விட் வேண்டாம் என்பதல்ல என் வாதம். 75 வயதுக்காரர் ஒருவர், அசல் கரைந்தாலும் பரவாயில்லை, அடுத்த பதினைந்து ஆண்டுக்குச் சீரான பணம் போதும் என்று தெரிந்தே மின்தொடரமைப்பு இன்விட்டில் ஒரு பகுதியைப் போட்டால் அதில் தவறில்லை. அவர் வாங்குவது ஓர் ஆண்டுத்தொகை. 45 வயதுக்காரர் அதே யூனிட்டை வாங்கி, வரும் பணத்தை முழுக்கச் செலவழித்தால் கதை வேறு. அவர் ஒவ்வொரு காலாண்டிலும் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்து வேறு எதிலாவது மறுமுதலீடு செய்ய வேண்டும். சுங்கச்சாலை இன்விட் என்றால் பாதிக்கு அருகில்.