தெளிந்த பாட்டிலை நம்பலாமா?

தேனி மாவட்டத் தோட்டங்களில் நடப்படும் ஜி9 திசு வளர்ப்பு வாழை, ஒரு ஈட்டிக்கன்றின் கிழங்குக்குள் இருக்கும் சின்னஞ்சிறு குருத்திலிருந்து தொடங்குகிறது. அந்தக் கன்று மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. அது வந்து சேரும் ஊடகத்திலோ லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. குருத்துக்கான அந்த உணவு பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஒரே ஒரு பூஞ்சை வித்து உள்ளே விழுந்தாலும் ஒரு வாரத்துக்குள் பாட்டில் முழுக்கப் படர்ந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் இந்த எதிரிகளை ஆய்வகம் திறமையாகவே தடுக்கிறது. கன்றைக் கழுவி, இலை உறைகளை ஒவ்வொன்றாக உரித்து, குருத்தைக் குளோரின் கரைசலிலோ 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடிலோ சில நிமிடங்கள் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் பலமுறை அலசுகிறார்கள். லேமினார் மேசையின் ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. மெர்குரிக் குளோரைடு நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக அதைப் பாராட்டிவிட முடியாது. அது கடும் நஞ்சு. பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, தனியாகச் சேர்த்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும். குளோரினுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் மண்ணும் அழுகிய திசுவும் ஒட்டியிருந்தால் அதன் வீரியம் அவற்றிலேயே தீர்ந்துவிடும். ஆகவே குளோரினை நம்பும் ஆய்வகத்தில் முதல் கழுவலுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த உதவியாளர் முதலில் பழக வேண்டியது, மாசு எந்த இடத்தில் தோன்றுகிறது என்று பார்ப்பது. செடியை விட்டு விலகி, ஊடகத்தின் மேற்பரப்பில் பஞ்சுபோல பூஞ்சை தெரிந்தால் காற்றையோ கையையோ மூடியையோ சந்தேகிக்கலாம். செடியே வைக்காத பாட்டில்களும் சேர்ந்து கெட்டிருந்தால் ஆட்டோகிளேவைப் பார்க்க வேண்டும். உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறாவிட்டால், அழுத்தமானி 15 பவுண்டு காட்டும்போதும் வெப்பம் 121 டிகிரியைத் தொட்டிருக்காது. குருத்தின் அடியில், ஊடகத்துக்குள் பால் கலந்ததுபோல ஒரு வளையம் தெரிந்தால் கதை வேறு.

இந்த வளையத்தில்தான் நடைமுறையின் பெரிய பலவீனம் வெளிப்படுகிறது. வாழைத் திசுவுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மேற்பரப்பை மட்டும் தொடும் மருந்து அவற்றை எட்டாது. முதல் மாதம் பாட்டில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். மூன்றாவது, நான்காவது சப்கல்ச்சரில்தான் வளையம் தலைகாட்டும். ஒவ்வொரு சுற்றிலும் குருத்து மூன்றாகப் பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுற்று முடிந்ததும் அந்த ஒரு குருத்து 81 ஆகியிருக்கும். பாக்டீரியாவும் அந்த 81-க்குள்ளும் போயிருக்கக்கூடும். அதே கத்தி பக்கத்துக் கன்றின் வரிசையையும் வெட்டியிருந்தால், கணக்கு அங்கேயும் தொடரும்.

கத்தியைத்தான் ஆல்கஹாலில் முக்கிச் சுடரில் காட்டுகிறோமே என்று கேட்கலாம். 70 சதவீத ஆல்கஹால் உயிருள்ள செல்களைக் கொல்லும். பேசில்லஸ் வகை பாக்டீரியாவின் வித்துகளைக் கொல்லாது. அவை ஆல்கஹால் ஜாடிக்குள்ளேயே நீண்ட காலம் தாங்கும். கத்தியில் ஒட்டிய ஆல்கஹால் ஒரு நொடி எரிந்து அணைவதால் மட்டும் உலோகம் போதிய சூடு ஏறுவதில்லை. நாள் முழுக்க ஒரே ஜாடியில் முக்கி எடுக்கும் பழக்கம், சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டே மாசைப் பரப்பும் பழக்கமாகிவிடும். சுமார் 250 டிகிரியில் இருக்கும் கண்ணாடி மணிக் கருவிக்குள் கத்தி முனையைச் சில விநாடிகள் செருகி வைத்து, ஆறவிட்டு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் வேறு கத்தி எடுப்பதுதான் நம்பத்தக்க முறை. வேலை சற்று மெதுவாகும். அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வளையம் தெரிந்ததும் ஊடகத்தில் ஆன்டிபயாடிக் கலப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பாக்டீரியாவை அடக்கி வைக்கிறதே தவிர, ஒழிப்பதில்லை. மருந்தில்லாத ஊடகத்துக்கு மாற்றியதும் வளையம் திரும்பி வரும். விலைமதிப்புள்ள, வேறெங்கும் கிடைக்காத ரகமாக இருந்தால் முயன்று பார்க்கலாம். ஜி9 போல எளிதில் கிடைக்கும் ரகத்துக்கு, அந்த வரிசை முழுவதையும் ஆட்டோகிளேவ் செய்து அப்புறப்படுத்துவதே சரி. அதற்கு எந்தக் குருத்து எந்தக் கன்றிலிருந்து வந்தது, எந்தத் தேதியில் யார் வெட்டியது என்பது ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதியிருக்க வேண்டும்.

வளையம் தெரியும்வரை காத்திருக்காமலும் கண்டுபிடிக்கலாம். முதல் இரண்டு சப்கல்ச்சரின்போது குருத்தின் அடிப்பகுதியில் ஒரு சீவல் எடுத்து, நியூட்ரியன்ட் அகார் தட்டில் தேய்த்து, 30 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறார்கள். புள்ளி முளைத்தால் அந்த வரிசை நின்றுவிடும். ஆனால் எல்லா பாக்டீரியாவும் அந்த அகாரில் வளர்வதில்லை. வாழையின் முடிக்கொத்து நோய் வைரஸ் அந்தத் தட்டில் தெரியவே தெரியாது. வைரஸுக்குத் தாய்ச்செடியின் இலையிலேயே தனிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான பாட்டில்களுக்கும் அகார் சோதனை செய்வது நடக்காத காரியம்; குருத்துகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் தொடக்கத்தில் செய்தால், ஒரு நாள் வேலையில் முடிந்துவிடும்.