அண்ணாமலை மகன் அருணாசலம் யார்?

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலையில் நின்று "அண்ணாமலை" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள். அருணாசலமும் உண்ணாமுலையும் அப்படித்தான். சாமி பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் இங்கே வழக்கம். அதனால் முன்னோரைத் தேடத் தொடங்குகிற ஒருவர் கையில் முதலில் கிடைப்பது ஒரு பெயர், கடைசிவரை அவரை ஏமாற்றக்கூடியதும் அதே பெயர். இந்தத் துறையின் புத்தகங்களை அந்த ஏமாற்றத்திலிருந்து எவை காப்பாற்றும் என்ற ஒரே கேள்வியோடு படித்துப் பார்க்கிறேன்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வரும் தொடக்கநிலைக் கையேடுகள் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடு, பெயர் வாரியான மக்கள்தொகைக் கணக்கு, கல்லறைக் கல் என்ற வரிசையில் போகும். நமக்கு அந்த வரிசையே கிடையாது. இந்தியக் கணக்கெடுப்பின் பெயர்ப் படிவங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுவதில்லை. எரித்த சாம்பலை ஆற்றில் கரைக்கும் குடும்பத்துக்குக் கல்லறைக் கல் ஏது? அந்தக் கையேடுகளில் நமக்கு உதவுவது முதல் அத்தியாயம் மட்டும்தான்: உயிரோடு இருப்பவர்களிடம் முதலில் கேள்.

எப்படிக் கேட்கக் கூடாது என்பதை அறிய, அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'ரூட்ஸ்' நாவலின் கதையைவிட, அந்த நாவலுக்குப் பின்னால் நடந்த கதை பெரிய பாடம். தமிழ் வாசகர்களுக்கு அது 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் பழக்கம். பாட்டிமார் சொல்லிவைத்த சில ஆப்பிரிக்கச் சொற்களைப் பிடித்துக்கொண்டு ஹேலி காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்துக்குப் போனார். அங்கே ஃபோஃபானா என்ற முதியவர், ஹேலி தன் மூதாதை என்று நம்பிய குந்தா கிந்தேயின் வம்சத்தைச் சொல்லக் கேட்டார். 1977இல் மார்க் ஒட்டாவே என்ற பத்திரிகையாளர் அதே ஊருக்குப் போய் விசாரித்தபோது, ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது அந்த முதியவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று கண்டார். 1981இல் வரலாற்றாசிரியர் டொனால்ட் ரைட் அந்த வாய்மொழிச் சாட்சியத்தின் மீதான ஐயங்களை விரிவாக எழுதினார். அதே ஆண்டு கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் இருவரும் வர்ஜீனியாவின் ஆவணங்களைப் பார்த்தார்கள். 1767இல் கப்பலில் வந்து 'டோபி' என்று பெயர் மாற்றப்பட்டதாக ஹேலி சொன்ன அடிமையின் பெயர், அந்தக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே காகிதத்தில் இருந்தது. குந்தா கிந்தேயும் அந்த டோபியும் ஒரே ஆள் அல்ல.

நம் வீட்டுத் திண்ணையிலும் இதுதான் நடக்கும். "தாத்தா செங்கத்துலேர்ந்துதான வந்தாரு ஆயா?" என்று கேட்டால் ஆயா ஆமாம் என்று தலையாட்டுவார். அது அவர் நினைவு அல்ல, நம்முடையது. "தாத்தா எந்த ஊருலேர்ந்து வந்தாரு, கூட யாரு வந்தாங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொரு நாள் அதே கேள்வியை அவருடைய தங்கையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

வாய்மொழி எந்த இடத்தில் உடையும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் புத்தகம் யான் வான்சினா 1985இல் எழுதிய 'ஓரல் ட்ரெடிஷன் அஸ் ஹிஸ்டரி'. ஆப்பிரிக்கச் சமூகங்களை வைத்து எழுதியது என்றாலும் நம் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. அண்மைக் காலம் பற்றி நிறையச் செய்தி இருக்கும், தோற்றக் கதையும் செழிப்பாக இருக்கும், நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம் என்கிறார் அவர். தலைமுறை நகர நகர அந்த வெற்றிடமும் கூடவே நகரும். மூன்று தலைமுறை வரை பெயர் சொல்லும் பெரியவர், அதற்கு மேல் ஒரே தாவாக "செஞ்சிக் கோட்டையிலேர்ந்து வந்த ஏழு அண்ணன் தம்பிங்க" என்று போய்விடுவார். இடையில் விழுங்கப்பட்ட தலைமுறைகளைக் குறைந்தபட்சம் இருக்கின்றன என்றாவது குறித்துவைக்கச் சொல்கிறது இந்தப் புத்தகம். தாத்தா பெயர் பேரனுக்கு வரும் நம் வழக்கத்தில் இரண்டு அண்ணாமலைகள் ஒட்டி ஒருவராகிவிடுவது மிக எளிது. சொல்லப்படும் ஆள் நூற்றுப் பத்து வயதுவரை வாழ்ந்ததாகவோ, அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு கல்யாணம் செய்ததாகவோ கணக்கு வந்தால் அங்கே இருவர் இருக்கிறார்கள்.

காலக் கணக்கில் வான்சினாவுக்குத் தெரியாத ஒரு பொறி நமக்கு உண்டு. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "தாது வருஷத்துல பொறந்தவரு" என்றால் 1876ஆ, 1936ஆ? உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயாவுக்கு இப்போது 80 வயது என்று வைத்துக்கொண்டால் அவர் 1945 வாக்கில் பிறந்தவர், அவர் கணவர் 1938 வாக்கில். தலைமுறைக்கு 28 ஆண்டு என்று எடுத்தால் கணவரின் அப்பா 1910, தாத்தா 1882 வாக்கில் வருவார்கள். தாது என்பது கணவரின் தாத்தாவைப் பற்றிச் சொல்லப்பட்டால் அது 1876, பெரும்பஞ்சம் தொடங்கிய ஆண்டு. கணவரின் அண்ணனைப் பற்றிச் சொல்லப்பட்டால் 1936. பழைய ஜாதகக் கட்டிலும் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் இதே கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டதை எழுதும் முறைக்கு உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' போல் ஒரு முன்மாதிரி இல்லை. அவர் தன்னிடமிருந்து தொடங்கவில்லை. உத்தமதானபுரம் எப்படி உருவானது, அதில் யார் யார் இருந்தார்கள் என்று ஊரை நிறுத்திவிட்டு அப்புறம்தான் முன்னோருக்கு வருகிறார். குடும்பத்தின் ஊர் உறுதியானால்தான் பெயருக்கு மதிப்பு என்பதை அந்த வரிசையே காட்டிக்கொடுக்கிறது.

காகிதம் அரிதான குடும்பங்களைப் பற்றிய மிகச் சிறந்த எழுத்து, கப்பலேறிப் போனவர்களின் சந்ததியிடமிருந்துதான் வந்திருக்கிறது என்பது என் தீர்மானமான கருத்து. கயூத்ரா பகதூரின் 'கூலி வுமன்' 2013இல் வந்தது. 1903இல் கல்கத்தாவிலிருந்து 'கிளைட்' கப்பலில், கர்ப்பிணியாக, தனியாக பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடும் புத்தகம். ஒரு குடிபெயர்வுச் சீட்டுதான் பிடிமானம். ஏன் தனியாகப் போனாள் என்ற கேள்விக்குச் சீட்டு பதில் சொல்லாது. அந்த இடத்தில் பகதூர் கற்பனையால் நிரப்பாமல் கேள்விகளாகவே அடுக்கிவைக்கிறார். ஹேலிக்குப் பிறகு இதைப் படிக்கும்போது மூச்சு விட முடிகிறது.

தமிழருக்கு இன்னும் நெருங்கியது அஷ்வின் தேசாயும் கூலம் வாஹேதும் எழுதிய 'இன்சைட் இண்டென்ச்சர்'. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் என்று கப்பல் பட்டியலில் பதிவு உண்டு. பிற்காலக் காகிதங்களிலும் அந்த ஆளைத் தொடர்வது அந்த எண்தான்.

ஊரை விட்டுப் போகாதவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். "கொள்ளுத் தாத்தாவோட தம்பி கப்பலேறிப் போய்ட்டாரு" என்ற வாக்கியம் இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் இருக்கிறது. நிலமில்லாத குடும்பத்துக்குப் பத்திரம் இல்லை, பட்டா இல்லை. அந்தத் தம்பியின் வரிதான் அக்குடும்பத்தின் முதல் எழுத்தாக இருக்கக்கூடும். 1890இல் 25 வயதென்று பதிவான ஒருவரின் தந்தை 1840 வாக்கில் பிறந்திருப்பார், அவர் பெயரும் அந்த வரியில் இருக்கும். கங்காணி வழியாக இலங்கைக்கோ மலாயாவுக்கோ போனவர்களுக்கு இவ்வளவு விரிவான சீட்டு எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். திருவண்ணாமலை என்றதும் வட ஆற்காடு என்று தேடுவார்கள். 1911 வரை திருவண்ணாமலை வட்டம் தென் ஆற்காட்டில் இருந்தது. நேட்டால் போன காலம் முழுவதும் இந்த ஊர்க்காரர்கள் தென் ஆற்காடு என்றுதான் பதிவாகியிருப்பார்கள். 1989இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. கார்ஸ்டின் 1878இல் எழுதிய தென் ஆற்காடு மாவட்டக் கையேட்டையும் ஃபிரான்சிஸ் 1906இல் தொகுத்த தென் ஆற்காடு கெஜட்டியரையும் தொடக்கக்காரர் படிக்க வேண்டியது இதற்காகத்தான். அவற்றில் உங்கள் தாத்தா இருக்க மாட்டார், அவருடைய காகிதம் எந்த மாவட்டத்தின் அலமாரியில் கிடக்கும் என்ற விடை இருக்கும். பட்டியலில் அடி அண்ணாமலை என்ற பெயரை அப்படியே எதிர்பார்க்கவும் கூடாது. காதில் விழுந்ததைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதினார், போனவரும் ஊர் கேட்டால் பெரிய ஊரைச் சொல்லியிருப்பார்.

சில புத்தகங்களை எச்சரிக்கையோடு வைக்கிறேன். பி.ஆர். ஸ்ரீநிவாசன் பதிப்பித்த திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் அரிய தொகுதி. ஆனால் அதில் வருபவர்கள் அரசர்களும் கொடையாளிகளும். அவர்களுக்கும் இன்றைய குடும்பங்களுக்கும் இடையே பல நூற்றாண்டு வெற்றிடம். தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் (1909) சாதியைப் பற்றிப் பேசும், உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் பேசாது. இவ்விரண்டிலும் ஒத்த பெயரைப் பிடித்துக்கொண்டு வம்சம் கட்டுவது ஹேலியின் தவறேதான்.

நிலம் கொஞ்சமாவது இருந்த குடும்பத்துக்குப் புத்தகத்தைவிடப் பத்திரம் பேசும். பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அந்த எண் இடையில் மாறியிருக்கலாம் என்பதால் 'அ' பதிவேட்டில் பழைய எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய எண்ணைக் கொடுத்துக் கைத்தேடல் கேட்க வேண்டும். பெயரைக் கொடுத்துத் தேடினால் மறுபடி அண்ணாமலைகளின் கூட்டம்தான். கிடைப்பவற்றில் பாகப்பிரிவினைப் பத்திரம் மிகச் செழுமையானது: அண்ணன் தம்பி அத்தனை பேரும், இன்னார் குமாரர் இன்னார் என்று தகப்பன் பெயரோடு, ஊரோடு, பழையதானால் சாதியும் தொழிலும் சேர்த்து வரிசையாக நிற்பார்கள். சாட்சிக் கையெழுத்தில் மாமனோ மைத்துனனோ இருப்பார். நான்கெல்லை விவரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர்கள் வரும். ஒரே தகப்பன் பெயர் வடக்கெல்லையிலும் தெற்கெல்லையிலும் வந்தால் பெரும்பாலும் அது பங்கு பிரிந்த நிலம். ஆயா சொன்ன பெயர்களை அந்த எல்லைப் பெயர்களோடு ஒப்பிட்டு, பெயர், தகப்பன் பெயர், இடம் மூன்றும் ஒத்தால் மட்டும் குடும்ப மரத்தில் அழுத்தமான கோடு போடலாம். இரண்டு ஒத்தால் புள்ளிக்கோடு, பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று ஒரு குறிப்பு.