கட்டுக் கம்பியின் எடை: பந்தல்குடியிலும் யாழ்ப்பாணத்திலும்

பந்தல்குடியில் எடைமேடையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராம்கோ சிமெண்ட் நிறுவனத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கும் ஊர் அது. ஏற்றிய எடையில் காலி எடையைக் கழித்தால் சரக்கு எடை என்பது லாரி ஓட்டுபவருக்கும் தெரியும், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். ஆனால் அதே ஊரில் வீடு கட்டுபவர், அருப்புக்கோட்டையிலிருந்து இறங்கும் கம்பிக்கு எடைச்சீட்டை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார். அந்தச் சீட்டு சொல்வது மொத்த எடையை. கம்பி சரியான கம்பியா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

கம்பிக்கு இருக்க வேண்டிய எடை ஊருக்கு ஊர் மாறாது. உருக்கின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 7850 கிலோ. அதிலிருந்து வருவதுதான் மேஸ்திரிகள் எல்லோரும் வாயில் வைத்திருக்கும் கணக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் கிலோ. 8 எம்எம் என்றால் 0.395, 12 எம்எம் என்றால் 0.888, 16 எம்எம் என்றால் 1.58. இந்த எண்கள் விருதுநகர் மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றேதான். வேறுபடுவது இரண்டு: எவ்வளவு குறையலாம் என்ற விதி, கம்பியை எதைக் கொண்டு விற்கிறார்கள் என்ற வழக்கம். இரண்டாவதுதான் பெரிய வேறுபாடு என்பது என் எண்ணம்.

எடை போட்டுத்தான் பார்க்க வேண்டுமா, வெர்னியர் வைத்து அளந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. டிஎம்டி கம்பியின் மேல் வரிகள் ஓடுகின்றன. வரியின் மேல் அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும், வரிக்கு இடையில் அளந்தால் குறைவாகக் காட்டும். அதனால்தான் தர விதிகள் கம்பியின் பெயரளவு விட்டத்தை எடையோடு கட்டிப்போட்டிருக்கின்றன. நீளத்தையும் எடையையும் அறிந்தால் உள்ளே எவ்வளவு உருக்கு இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தியாவின் விதி ஐ.எஸ். 1786. கம்பி ஒரு தொகுதியாக வரும்போது 10 எம்எம் வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 எம்எம் வரை 5 சதவீதமும், அதற்கும் மேல் 3 சதவீதமும் கூடலாம், குறையலாம். ஒற்றைத் துண்டை எடுத்து நிறுத்தால் ஒரு சதவீதம் கூடுதல் சலுகை: 8, 6, 4 சதவீதம் வரை குறையலாம். இதில் பலர் கவனிக்காத சொல் 'தொகுதி'. ஒரே அளவு, ஒரே தரம் உள்ள கம்பியை ஒரே நேரத்தில் சோதனைக்கு வைத்தால் அது ஒரு தொகுதி. லாரியில் வந்த 8 எம்எம்மையும் 16 எம்எம்மையும் கூட்டிச் சராசரி பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரிசல் மண்ணில் அடித்தள பீமுக்கும் தூணுக்குமாக ஒருவர் கம்பி இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 8 எம்எம் 10 கட்டு, கட்டுக்கு 10 கம்பி. 12 எம்எம் 12 கட்டு, கட்டுக்கு 5 கம்பி. 16 எம்எம் 8 கட்டு, கட்டுக்கு 3 கம்பி. ஒவ்வொரு கம்பியும் 12 மீட்டர். கணக்குப்படி 8 எம்எம் கட்டு 47.4 கிலோ, 12 எம்எம் கட்டு 53.3 கிலோ, 16 எம்எம் கட்டு 56.9 கிலோ. மொத்தம் 1,568 கிலோ வர வேண்டும். எடைமேடைச் சீட்டு 1,520 என்கிறது. குறைவு 48 கிலோ, அதாவது சுமார் 3 சதவீதம். 'விதி 5, 7 என்று விடுகிறதே, 3 தானே' என்று கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அங்கேதான் கட்டுகளைத் தனித்தனியாக நிறுக்க வேண்டும். 8 எம்எம் கட்டு 47 கிலோ இருக்கிறது, நல்லது. 16 எம்எம் கட்டு 56.9, அப்படியே கணக்கோடு நிற்கிறது. 12 எம்எம் கட்டுகளோ ஒவ்வொன்றும் 49.6 கிலோதான். கீழ் எல்லை 50.6 கிலோ. குறைவு 6.9 சதவீதம். அந்தப் 12 கட்டும் திருப்பி அனுப்ப வேண்டியவை. மற்ற இரண்டு அளவும் சரியாக இருந்ததால் மொத்தச் சீட்டில் இந்தக் குறை கரைந்துபோனது. 12 எம்எம் என்று பீமில் வைக்கப்போவது உண்மையில் 11.6 எம்எம் கம்பி. வரைபடம் ஒவ்வொரு கம்பிக்கும் 113 சதுர மில்லிமீட்டர் உருக்கு கேட்கிறது, கிடைப்பது 105.

எடைமேடையைக் குறை சொல்லவில்லை. அது 10 கிலோப் படியில் காட்டும் கருவி. ஏற்றிய எடையிலும் காலி எடையிலும் பிழை சேர்ந்தால் 20 கிலோ வரை தடுமாறலாம். ஒன்றரை டன்னில் அது ஒரு சதவீதத்துக்கு மேல். இருபது டன் கல்லுக்கு அது ஒன்றுமில்லை, 53 கிலோக் கட்டைத் தீர்மானிக்க அதைக் கேட்பது வீண். கட்டுக்கு ஏற்றது மல்லி, மிளகாய் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு. நடுவில் வளைத்து வந்த கட்டு ஆறு மீட்டர் நீளம் இருக்கும். தராசுத் தட்டில் இரண்டு மரக்கட்டையைப் போட்டு, நடுப்பகுதி அதன் மேல் அமர, இரண்டு முனையும் தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். முனை தரையில் பட்டால் தரை எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும், நல்ல கம்பியும் குறைந்த கம்பியாகத் தெரியும். தொங்கு தராசு கிடைத்தால் இந்தச் சங்கடமே இல்லை.

எடை குறைந்த உடனே ஒல்லிக் கம்பி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் எண்ண வேண்டும். கட்டில் நான்கு கம்பி இருந்தால் எடை ஐந்தில் ஒரு பங்கு குறையும், அது வேறு வழக்கு. அடுத்து ஒரு கம்பியை நீட்டி டேப் பிடிக்க வேண்டும். குறிப்பிட்ட நீளத்துக்கு ஐ.எஸ். விதி 25 மில்லிமீட்டர் வரைதான் குறைய விடுகிறது. 12 மீட்டரில் அது 0.2 சதவீதம், எடைக் கணக்கில் தெரியவே தெரியாது. ஆனால் கம்பி 11.7 மீட்டர்தான் என்றால் இரண்டரை சதவீதம் நீளத்திலேயே போய்விட்டது. மீதிக் குறைதான் தடிமனுடையது. இதைப் பிரிக்க எளிய வழி, கம்பி வெட்டும்போது நேரான ஒரு மீட்டர் துண்டு எடுத்து, துருவையும் மண்ணையும் தேய்த்துவிட்டு நிறுப்பது. 12 எம்எம் துண்டு 888 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 835 கிராமுக்குக் கீழே போனால் ஒற்றைத் துண்டுக்கான சலுகையும் காப்பாற்றாது.

இலங்கையில் வரிக்கம்பிக்கு எஸ்.எல்.எஸ். 375 என்ற தரம் இருக்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வெளியிட்டது. அங்குள்ள பொறியாளர்கள் நீண்ட காலம் பிரிட்டிஷ் விதிகளோடு பழகியவர்கள். 2005ஆம் ஆண்டின் பி.எஸ். 4449 எட்டு எம்எம் வரை 6 சதவீதமும், அதற்கு மேல் எல்லா அளவுக்கும் 4.5 சதவீதமும் விடுகிறது. இந்திய விதியோடு பக்கத்தில் வைத்தால் ஒரு விசித்திரம் தெரியும். 20, 25 எம்எம் தடிக் கம்பியில் இந்தியா கண்டிப்பு, 3 சதவீதம்தான். சிறு வீடுகள் பெரும்பாலும் நிற்கும் 8, 10, 12 எம்எம்மில் பிரிட்டிஷ் விதிதான் கண்டிப்பு. 10 எம்எம் கம்பி 6.8 சதவீதம் குறைந்தால் பந்தல்குடியில் தொகுதியாகத் தேறிவிடும், பி.எஸ். 4449 கேட்கும் இடத்தில் விழுந்துவிடும்.

அந்த 6.8 சதவீதம் யாருடைய பணம் என்பதுதான் இரண்டு ஊரையும் பிரிக்கிறது. யாழ்ப்பாணத்து ஹாட்வெயார் கடையில் வீட்டுக்காரர் கேட்பது 'ஒரு கம்பி என்ன விலை?' ஆறு மீட்டர் 10 எம்எம் கம்பி கணக்குப்படி 3.70 கிலோ. அது 3.45 கிலோவாக வந்தாலும் விலை அதேதான். 200 கம்பி வாங்கினால் 50 கிலோ உருக்குக்கு வெறுமனே பணம் கொடுத்திருக்கிறார். இந்திய அரசின் உதவியில் இலங்கைக்கு 50,000 வீடு என்ற திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகள் வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் மானியத்தைத் தவணையாகப் பெற்றுத் தாமே பொருள் வாங்கிக் கட்டினார்கள். அப்படித் தாமே வாங்கும் வீட்டுக்காரருக்கு, கம்பியை எண்ணி வாங்கும்போது எடை குறைந்தால் நட்டம் இரட்டை: பணமும் போகிறது, பலமும் போகிறது.

பந்தல்குடிக்காரர் கிலோக் கணக்கில் தராசு எடைக்குப் பணம் கொடுத்தால் நிலைமை வேறு. மேலே சொன்ன 1,520 கிலோவுக்கு மட்டும் பில் போட்டால் அவர் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. கம்பி ஒல்லியாக இருக்க இருக்க ஒரு டன்னுக்கு மீட்டர் கூடுதலாகவே கிடைக்கும். கம்பி மிச்சமாவதைப் பார்த்து மேஸ்திரி மகிழ்வதும் உண்டு. போவது பலம் மட்டும்தான், அது கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே இங்கே யாரும் கட்டை நிறுத்துப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் இங்கேயும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'செக்‌ஷன் எடை' என்று சொல்லி, கம்பியை எண்ணிக் கணக்கு எடையால் பெருக்கி 1,568 கிலோவுக்குப் பில் போடும் வழக்கம் உண்டு. ஆலையிலிருந்து தராசு எடையில் வாங்கிய கம்பியைக் கணக்கு எடையில் விற்றால் இடையிலுள்ள 48 கிலோ விற்றவருடையது. அப்போது பந்தல்குடிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள், பில்லில் கிலோ என்று எழுதியிருப்பது மட்டுமே வித்தியாசம். விலை பேசும்போதே தராசு எடையா செக்‌ஷன் எடையா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தக்காரருக்குக் கம்பியை அளந்து பணம் தரும்போது இதே ஓட்டையைத்தான் அடைக்கிறது: நீளத்தை அளந்து கணக்கு எடையால் பெருக்குவார்கள், ஆனால் கம்பியின் உண்மை எடை சலுகைக்குள்ளேயே குறைந்திருந்தால் அந்தக் குறைந்த எடைக்குத்தான் பணம்.

யாழ்ப்பாணத்தில் வாங்குபவருக்குச் சோதனை இன்னும் எளிது. ஆறு மீட்டர்க் கம்பியைக் கடை வாசலிலேயே நடுவில் கட்டித் தொங்கு தராசில் மாட்டலாம். ஒரு கம்பியை நம்பாமல், கட்டின் வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்தாறு உருவி நிறுத்துச் சராசரி எடுத்தால் போதும். 10 எம்எம் என்றால் பி.எஸ். 4449 கணக்கில் சராசரி 3.53 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. கடலோரக் காற்றில் துரு ஏறிய கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும், துருவும் எடை காட்டும்.

இரண்டு ஊரிலும் இந்த வேலைக்கு நேரம் ஒன்றுதான்: கட்டைப் பிரிப்பதற்கு முன். ஆலையின் அடையாளச் சீட்டு கட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, எந்தக் கட்டு என்ன எடை என்று எழுதி, சரக்கு கொண்டுவந்தவரிடம் டெலிவரி சீட்டிலேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கம்பியை வெட்டி வளைத்த பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். அப்போது மிஞ்சும் ஒரே வழி, நிறுத்த எடையைப் பொறியாளரிடம் சொல்லி, பீமில் கூடுதலாக ஒரு கம்பி போட வேண்டுமா என்று கேட்பது.